அறுத்தாச்சு என்று எழுதிய மதியம்

என் மகள் மதியம் இரண்டு மணிக்குத் தூங்குவாள், மூன்றேகாலுக்கு எழுந்துவிடுவாள். நடுவில் இருக்கும் நேரம்தான் என் அலுவலகம். அவள் தலை என் இடது கையில் கிடக்கும். வலது கைக் கட்டைவிரல் போனில் எழுதிக்கொண்டிருக்கும். பின்கட்டில் மாமியாரின் தறி ஓடும். அந்தச் சத்தம் நின்றால்தான் குழந்தை விழித்துக்கொள்வாள், ஓடினால் தூங்குவாள். மின்விசிறிக் காற்றில் கொடியில் தொங்கும் சாயநூல் அசையும்போது சுவரில் ஒரு நேரம் மஞ்சளாகவும் ஒரு நேரம் சிவப்பாகவும் வெளிச்சம் நகரும். அதைப் பார்த்துக்கொண்டே எழுதுவேன். எழுதுகிறேனா, கனவு காண்கிறேனா என்று பல நாள் எனக்கே சந்தேகம் வரும்.

எங்களுக்கு ஆரணியில் சின்னதாக ஒரு பட்டுப் புடவைக் கடை. கணவர் கடையைப் பார்த்துக்கொள்கிறார். மாமியார் நெய்கிறார். நான் படித்தது பி.காம். குழந்தை பிறந்த பிறகு என் பங்குக்கு வந்தது வீடியோ வேலை. எடுப்பது, வெட்டி ஒட்டுவது, யூடியூபில் ஏற்றுவது, பிறகு அதையே மற்ற இடங்களுக்குக் கொண்டுபோய்ப் போடுவது. ஏற்றுவதைவிட இந்தக் கொண்டுபோய்ப் போடுவதுதான் பெரிய வேலை என்று யாரும் எனக்கு முன்பே சொல்லவில்லை.

ஆரம்பத்தில் யூடியூபுக்கு எழுதியதையே நகல் எடுத்து எல்லா இடத்திலும் ஒட்டினேன். ஒருவரும் படிக்கவில்லை. ஒரே புடவையைக் கட்டிக்கொண்டு கல்யாண வீட்டுக்கும் துக்க வீட்டுக்கும் போய் நிற்பது போல இருந்தது. அப்புறம்தான் ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனியாக எழுதப் பழகினேன்.

யூடியூபுக்கு வருகிறவர் ஒரு கேள்வியோடு வருகிறார். அவர் என்ன கேட்டுத் தேடுவாரோ அது தலைப்பில் இருக்க வேண்டும். கீழே விவரத்தில் முதல் இரண்டு வரிதான் கண்ணில் படும், மீதியைத் தொட்டுத் திறந்தால்தான் தெரியும். அதனால் முக்கியமானதை மேலே எழுதி, எந்த நிமிடத்தில் என்ன வருகிறது என்பதைக் கீழே எழுதுவேன். இன்ஸ்டாவில் இருப்பவர்கள் யாரும் நிற்பதில்லை. தேர் பார்க்கப் போகும் கூட்டம் மாதிரி கடந்துபோய்க்கொண்டே இருப்பார்கள். அவர்களுக்கு வீடியோவை நெட்டுவாக்கில் சுருக்கி, பேச்சு மாதிரி ஒரு வரி எழுத வேண்டும். அங்கே எழுதும் இணைப்பைத் தொட்டாலும் திறக்காது என்பதால் எங்கள் பக்கத்து முகப்பில், பயோவில், இருக்கிறது என்று சொல்ல வேண்டும். பேஸ்புக்கில் உட்கார்ந்து படிக்கிறார்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு, எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டு, யார், எந்த ஊர், என்ன விசேஷம் என்று முழுக் கதையும் கேட்பார்கள். வாட்ஸ்அப் பின்வாசல். எங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் மொத்தமாக அனுப்புவது போய்ச் சேரும். தெரிந்தவர்கள். அங்கே ஒரு வரியும் இணைப்பும் போதும். இணைப்புக்குக் கீழே சின்னப் படம் வரும்வரை காத்திருந்து அனுப்ப வேண்டும், அவ்வளவுதான்.

நான் எதையும் ஒரு தடவையில் அனுப்புகிறவள் இல்லை. ஒற்று மிகுமா மிகாதா என்று பார்ப்பேன். "இன்று" நன்றாக இருக்கிறதா, "இன்னிக்கு" நன்றாக இருக்கிறதா என்று மாற்றி மாற்றிப் போடுவேன். கணவருக்கு அனுப்பி, "சரியா இருக்குதுங்களா?" என்று கேட்பேன். அவர் கடையிலிருந்து ஒரு கட்டைவிரலை அனுப்புவார். அவர் படித்துவிட்டு அனுப்பினாரா, படிக்காமலே அனுப்பினாரா என்று அதிலும் எனக்குக் கவலை.

ஒரு நாள் கல்யாணப் புடவை கேட்டுக் கலசபாக்கத்துப் பெண் ஒருத்தி வந்தாள். தனியார் பள்ளியில் டீச்சர். மாப்பிள்ளை வீட்டார் முகூர்த்தப் புடவையை அவளையே தேர்ந்தெடுக்கச் சொல்லிவிட்டார்களாம். வெந்தய நிறம், அரக்குக் கரை, கரை நல்ல அகலம் என்று தாளில் வரைந்தே கொண்டுவந்திருந்தாள். தறியைப் பார்க்க வேண்டும் என்றாள். பார்த்தாள். பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து என் மகளுக்கு வளையலைக் கழற்றி விளையாடக் கொடுத்துக்கொண்டே சொன்னாள்.

"அக்கா, இந்தப் பொடவைய முகூர்த்தத்துல தட்டுல வெச்சு எனக்கு எடுத்துக் குடுக்கப் போறது எங்க அத்தை."

அதிலென்ன என்று நான் நினைத்தேன். அவளே தொடர்ந்தாள். அவளுக்கு மூன்று வயதில் அம்மா இறந்துவிட்டார். அப்பாவின் அக்காதான் வளர்த்தது. அந்த அத்தைக்கு இருபத்திரண்டு வயதில் கணவர் போய்விட்டார். அதன்பிறகு எந்தக் கல்யாணத்திலும் மேடைப் பக்கம் வந்ததில்லை. சமையல்கட்டிலேயே இருந்துவிடுவார். வாழ்த்த வேண்டிய நேரத்தில் இலை எடுக்கப் போய்விடுவார்.

"எட்டு மாசமா சண்டை போட்டேன்க்கா. நீ குடுக்கலன்னா நான் கட்டிக்கவே மாட்டேன்னு சொல்ட்டேன். போன வாரம்தான் சரின்னாங்க. உங்க வீடியோ வந்தா அவங்க பேஸ்புக்ல பாப்பாங்க. அத மட்டும்தான் பாப்பாங்க, வேற எதுவும் தெரியாது."

அன்றிலிருந்து எனக்குள் அந்த அத்தை வந்து உட்கார்ந்துகொண்டார். நான் ஒவ்வொரு இடத்துக்கும் எழுதும்போது ஒருவரை மனதில் வைத்துக்கொண்டு எழுதுவேன். யூடியூபுக்கு முகம் தெரியாத ஒருவர். இன்ஸ்டாவுக்கு அந்தப் பெண்ணின் தோழிகள். பேஸ்புக்குக்கு இந்த அத்தை. முகம் பார்த்ததில்லை. ஆனாலும் சமையல்கட்டு வாசலில், ஈரக்கையைப் புடவையில் துடைத்துவிட்டுப் போனை எடுக்கும் ஒரு பெண்ணாக அவரைப் பார்த்துவிட்டேன். மதியத் தூக்கக் கலக்கத்தில் அவர் என் எழுத்தைப் படித்து, சரி என்று தலையாட்டுவது போலக்கூட இருக்கும்.

புடவை முடிந்த நாள் வீடு நன்றாக இருந்தது. தறியில் நீளவாக்கில் ஏற்றிய ஒரு பாவு நூலில் மூன்று புடவை நெய்யலாம். ஒன்று முடிந்ததும் குறுக்கே அறுத்து எடுத்துவிட்டு, மிச்ச நூலை மறுபடி கட்டி அடுத்ததை ஆரம்பிப்பார்கள். அதற்கு எங்கள் தெருவில் அறுப்பு என்று பெயர். "இன்னிக்கு எங்க வூட்ல அறுப்பு" என்றால் அந்த வீட்டில் கேசரி கிண்டுவார்கள் என்று அர்த்தம். நான் பிறந்த வீடும் தறி வீடுதான். சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டு வரும்போதே கேட்பேன், "அறுத்தாச்சா?" அறுத்தாச்சு என்றால் புத்தகப் பையை வீசிவிட்டு அடுப்படிக்கு ஓடுவேன்.

மாமியார் தறிக்குக் கற்பூரம் காட்டினார். நான் போனைக் கட்டையில் நிறுத்தி வைத்தேன். அவர் கை மட்டும் தெரிந்தது. கத்தி இழைகளின் மேல் மெதுவாகப் போக, ஒவ்வொரு பிரியாக விட்டுக்கொடுத்து, வெந்தய நிறம் அவர் மடியில் இறங்கியது. மகள் அதைத் தொடப் போனாள். "ஜாக்ரதை, எச்சக் கை" என்று மாமியார் அவள் கையைத் தன் முந்தானையில் துடைத்துவிட்டார். அதுவும் வீடியோவில் இருக்கிறது.

மறுநாள் இரண்டு மணிக்கு ஏற்றினேன். மகள் தூங்கிவிட்டாள். யூடியூபில் ஏறும்வரை ஒரு நோட்டில் எல்லாவற்றையும் எழுதிவைத்தேன். தலைப்பு, "பட்டுப் புடவையைத் தறியிலிருந்து எப்படி இறக்குகிறார்கள்?" பேஸ்புக்குக்கு நான்கு பத்தி. அதை அரை மணி நேரம் எழுதினேன். "ஒரு பெண் தன்னை வளர்த்தவருக்குக் காட்ட ஆசைப்பட்ட புடவை இது. நேற்று தறியிலிருந்து இறங்கியது" என்று ஆரம்பித்தது. இறங்கியது என்ற சொல் எனக்குப் பிடித்திருந்தது. தூங்கும் குழந்தையைத் தோளிலிருந்து இறக்குவது போல.

இன்ஸ்டாவுக்கு வந்தபோது அந்தச் சொல் அங்கே கனமாகத் தெரிந்தது. அங்கே பேச்சுதான் வேண்டும். யோசிக்காமல் எழுதினேன். "வெந்தயக் கலர். அரக்குக் கரை. கல்யாணப் புடவை அறுத்தாச்சு." பத்து தடவை படித்தேன். புடவையா, பொடவையா என்று யோசித்தேன். முற்றுப்புள்ளி வேண்டுமா என்று யோசித்தேன். கடைசிச் சொல்லின் மேல் என் கண் ஒரு தடவைகூட நிற்கவில்லை. அதில் கேசரி வாசனை அடித்தது, அதனால் இருக்கலாம்.

பகிர் என்பதைத் தொட்டேன். மகள் சிணுங்கினாள். பின்கட்டில் தறி நின்றிருந்தது. அவசரமாக வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பிவிட்டு அவளைத் தூக்கிக்கொண்டேன். பேஸ்புக்கை மறுநாள் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டேன்.

இன்ஸ்டாவில் போடும்போது, பேஸ்புக்கிலும் சேர்த்துப் பகிரலாம் என்று கீழே ஒரு பொத்தான் இருக்கும். நான் எப்போதும் அணைத்தே வைத்திருப்பேன். அதற்கு முன்தினம் கடை விடுமுறை என்ற அறிவிப்பை மட்டும் இரண்டு இடத்திலும் ஒன்றாகப் போட அதைத் திறந்திருந்தேன். திரும்ப மூட மறந்துவிட்டேன். ஆகவே நான் அத்தைக்காக எழுதிய நான்கு பத்தி என் நோட்டில் இருந்தது. தோழிகளுக்காக எழுதிய மூன்று வரி அத்தையிடம் போய்விட்டது.

எனக்கு அது தெரியாது. சாயங்காலம் கருத்துகளுக்குப் பதில் சொல்ல உட்கார்ந்தேன். இரண்டு இடத்துக் கருத்துகளும் எனக்கு ஒரே பட்டியலில்தான் வரும். எது எங்கிருந்து என்று பார்க்காமலே வரிசையாகப் பதில் சொல்லிக்கொண்டு போனேன். ஒருவர் எழுதியிருந்தார். "அறுத்தாச்சா? குடுக்கிற கைக்கு ஏத்த பொடவைதான்." பக்கத்தில் ஒரு சிரிப்பு. நாங்கள் கொடுக்கிற கையைப் பாராட்டுகிறார் என்று நினைத்தேன். இதயம் போட்டு, "மிக்க நன்றிங்க" என்று எழுதி, கூப்பிய கைகளையும் வைத்தேன்.

இரவு எட்டு மணிக்கு அந்தப் பெண் ஒரு செய்தி அனுப்பினாள். "அக்கா, அந்த வார்த்தையைக் கொஞ்சம் மாத்திடுங்க. ப்ளீஸ்." எந்த வார்த்தை என்று கேட்டேன். "அறுத்தாச்சு" என்று மட்டும் வந்தது.

அந்த ஒற்றைச் சொல் தனியாக, போன் திரையின் நடுவில் நின்றபோதுதான் அது எனக்கு வேறு மாதிரி கேட்டது. கல்யாணத்துக்குப் பக்கத்தில் வைத்தால் அது தாலி அறுப்பதைச் சொல்லும் என்பது உடம்பில் ஏறியது. சோறு பிசைந்த கையோடு இன்ஸ்டாவைத் திறந்து திருத்தினேன். "தறியிலிருந்து இறங்கியாச்சு" என்று மாற்றிவிட்டு, மாற்றிவிட்டேன் என்று அவளுக்குச் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அழைத்தாள்.

"அக்கா, இன்னும் மாறலையே."

"மாத்திட்டேன்மா. நேத்தே."

"பேஸ்புக்லக்கா."

இன்ஸ்டாவில் திருத்தினால் பேஸ்புக்கில் போன நகல் திருந்தாது. எனக்கு அது தெரியும். ஆனால் பேஸ்புக்கில் ஒரு நகல் இருக்கிறது என்பதுதான் தெரியாது. திறந்து பார்த்தேன். இருந்தது. கீழே அந்தக் கருத்தும் இருந்தது. அதற்குக் கீழே என் கடையின் பெயரில் இதயமும், நன்றியும், கூப்பிய கைகளும்.

"அப்படி எழுதினது சேத்துப்பட்டு பெரியப்பாக்கா. அத்தை குடுக்கப் போறாங்கன்னு சொன்னதுலேர்ந்தே அவருக்கு ஆவல. அத்தையை வூட்டுல திட்டும்போது அந்த வார்த்தையச் சொல்லித்தான் திட்டுவாங்களாம். அறுத்தவ, அறுத்தவன்னு. எனக்கே நேத்துதான் சொன்னாங்க."

கீழே இருந்த என் நன்றியைத் திரும்பப் படித்தேன்.

"அத்தை கல்யாணத்துக்கே வரலன்றாங்கக்கா."

பேஸ்புக்கில் இருந்ததை அழித்தேன். அழிக்கும்போது நிச்சயமாகவா என்று கேட்டது. கருத்தும் நன்றியும் சேர்ந்து போயின. ஆனால் சேத்துப்பட்டுக்காரர் அதைப் படம் பிடித்து, அவர்கள் குடும்பத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார். அங்கே என் கை எட்டாது. எழுதுவதற்கு எனக்கு நான்கு இடம் இருந்தது. ஐந்தாவது இடத்தை நான் பார்க்கக்கூட முடியாது.

கணவரிடம் சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"இன்னாம்மா இது பேஜாரு. ஒரு எழுத்து எழுதறதுக்கு என்னைப் பத்து தரம் கேக்கற."

"உங்களுக்கு அனுப்பினேங்க. கட்டைவெரல் போட்டீங்க."

அவர் தலையிலிருந்து கையை எடுத்தார். "நானும் படிச்சேன்" என்றார் பிறகு. "எனக்கும் ஒண்ணும் தோணல."

மாமியாரிடம் சொல்லத்தான் பயந்தேன். அவருக்கும் கணவர் இல்லை. என் மகள் பிறப்பதற்கு முன்பே மாமனார் போய்விட்டார். தறியின் பக்கத்தில் நின்று, சுற்றி வளைத்து, அந்தச் சொல்லைச் சொல்லாமலேயே சொல்லி முடித்தேன். அவர் கால் மிதியில் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. ஊடை நூலை இழுத்துக்கொண்டு நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வந்தது.

"என்னையும்தான் சொல்லியிருக்காங்க" என்றார். "ரேஷன் கடை வரிசையில ஒருத்தி."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா அறுக்கறேன், உனக்கு இன்னா கேடுன்னு கேட்டேன். அவளுக்குப் புரியல." நாடாவை நிறுத்தி ஒரு அறுந்த இழையை எடுத்து முடிச்சுப் போட்டார். "போன் போட்டுப் பேசு. எழுதிகினு இருக்காத."

மகள் தூங்கும் நேரத்தில்தான் பேசினேன். எண்ணை அந்தப் பெண் கொடுத்திருந்தாள். பேச வேண்டியதை நோட்டில் எழுதிவைத்திருந்தேன். அவர் எடுத்ததும் நோட்டு மறந்துபோயிற்று.

"யாரும்மா?"

"ஆரணிலேர்ந்து பேசறேங்க. பொடவைக் கடைங்க. அந்த வீடியோவைப் போட்டது நான்தான்."

எங்கோ குக்கரில் ஆவி சீறிக்கொண்டிருந்தது. நான் கற்பனை செய்திருந்த சமையல்கட்டு அப்படியே அங்கே இருப்பது போல இருந்தது.

"நன்றின்னு எழுதினதும் நீதானா?"

"ஆமாங்க. அவரு பாராட்டறாருன்னு நெனச்சிகினேன்."

"பாராட்டறானா? பொறந்ததுலேர்ந்து அவன் ஒருத்தரைப் பாராட்டினது கெடையாது. பந்தியில உக்காந்தா பாயசத்தையே குத்தம் சொல்லுவான்."

எனக்குச் சிரிப்பதா கூடாதா என்று தெரியவில்லை. மன்னிப்புக் கேட்டேன். அந்தச் சொல் எங்கள் வீட்டில் நல்ல சொல் என்றேன்.

"எங்க வூட்லயும் நல்ல சொல்லுதான். நெல்லு அறுக்கறோம், கரும்பு வெட்டறோம். பொடவைய எதுக்கும்மா அறுக்கறீங்க?"

"தறியில மூணு பொடவைக்கு நூல் இருக்குங்க. ஒண்ணு முடிஞ்சா அத மட்டும் வெட்டி எடுத்துட்டு…"

"இப்ப வெட்டின்னு சொன்ன இல்ல. அப்படியே எழுதறதுக்கு இன்னா?"

"எங்க தெருவுல வெட்டறதுன்னு சொல்ல மாட்டாங்கங்க. நெய்யறப்போ பாழாப் போச்சுன்னாதான் வெட்டிட்டோம்னு சொல்லுவாங்க. வெட்டறதுதான் கெட்ட வார்த்தை."

"நல்லாத்தான் இருக்குது உங்க ஊரு" என்றார். குக்கர் ஒரு தடவை கூவியது.

"வீடியோல ஒரு கை வந்துதே" என்றார். "வளையல் இல்லாத கை. அது யாரு?"

"எங்க மாமியாருங்க."

"மாமனாரு?"

"இல்லைங்க. எம் பொண்ணு பொறக்கறதுக்கு மின்னாடியே போய்ட்டாரு."

"அவங்களேதான் நெய்ஞ்சாங்களா?"

"மொத இழையிலேர்ந்துங்க."

"கல்யாணப் பொடவைன்னு தெரிஞ்சேவா?"

"நாங்க நெய்யறது முக்காவாசி கல்யாணப் பொடவைதாங்க."

இரண்டாவது தடவை குக்கர் கூவியது. மூன்றாவதும் கூவியது. அவர் போய் அணைக்கவில்லை. மகள் தூக்கத்தில் புரண்டு என் விரலைப் பிடித்துக்கொண்டாள். எனக்குத் திரும்பவும் மன்னிப்புக் கேட்க வேண்டும் போல இருந்தது. கேட்டால் பெரிதாகுமோ, கேட்காவிட்டால் மரியாதைக் குறைவோ என்று யோசித்துக்கொண்டே இருந்தேன்.

"பருப்பு குழைஞ்சிடுச்சு. வெச்சிடறேன்" என்றார்.

கல்யாணத்துக்கு வருவதாகவும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. அந்தப் பெண்ணிடம் கேட்டேன். "ஒண்ணும் பேச மாட்றாங்கக்கா. ஆனா உங்க வீடியோவ மறுபடி மறுபடி போட்டுப் பாக்கறாங்க" என்றாள். பேஸ்புக்கில்தான் அழித்துவிட்டேனே என்றேன். யூடியூபில் பார்க்கிறார் என்றாள். அவளே திறந்து கொடுத்தாளாம்.

அதற்குப் பிறகு பத்து நாள் நான் எதையும் போடவில்லை. மதியத்தில் போனைக் கையில் வைத்துக்கொண்டு சுவரில் நகரும் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எல்லாச் சொல்லும் திரும்பிப் படுத்துக்கொண்டது போல இருந்தது. முந்தி என்று எழுதுவேன், யாருக்காவது ஏதாவது ஆகுமா என்று பார்ப்பேன். பாவு என்று எழுதிவிட்டு அழிப்பேன். கரை என்பதுகூட ஒரு நாள் பயமாக இருந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் நான் பார்க்காத ஒரு வீடு இருந்தது, அந்த வீட்டில் யாரோ அடுப்படியில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

புடவை வாங்க அந்தப் பெண் வந்த அன்று ஆட்டோவிலிருந்து முதலில் இறங்கியது அவளில்லை. குள்ளமாக, நெற்றியில் விபூதியோடு, கையில் ஒரு துணிப்பையோடு ஒருவர் இறங்கினார். நான் மனதில் வைத்திருந்த முகம் இல்லை. இது இன்னும் கூர்மையான முகம்.

"நீதான் போன்ல பேசினவளா?" என்றார். "கொரலுக்கு வயசு அதிகமா இருந்துது."

கடையில் உட்காரச் சொன்னோம். அவர் நேராகப் பின்கட்டுக்குப் போனார். மாமியார் தறிக் குழியிலிருந்து எழுந்து வந்தார்.

"வாங்க. இந்த வெயில்ல வந்திருக்கீங்க."

"கார்த்தால கெளம்பலாம்னா இவ புருவம் எழுதறதுக்கு ஒரு மணி நேரம் ஆக்கறா" என்று பெண்ணைக் காட்டினார். பிறகு புடவையை மடியில் போட்டுக் கரையை விரலால் அளந்தார். "கரை கொஞ்சம் அகலம் ஜாஸ்தியா இல்ல?"

"உங்க பொண்ணு கேட்ட அகலம். நான் கொறைச்சலாத்தான் சொன்னேன்."

"அவ எது கேட்டாலும் ஜாஸ்தியாத்தான் கேப்பா."

இருவரும் புடவையைத் தொட்டுக்கொண்டே இருந்தார்கள். எந்த இடத்தில் அறுத்தது என்று அவர் கேட்டார். மாமியார் முனையை எடுத்துக் காட்டினார். இழைகள் குச்சம் கட்டாமல் இன்னும் விரிந்து கிடந்தன. அத்தை அதை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். ஒரு நொடிதான். பிறகு, என்னவோ செய்துவிட்டது போல, சட்டென்று மடித்தார்.

வழக்கமாகக் கணவர்தான் அட்டைப் பெட்டியில் வைத்துக் கொடுப்பார். அன்று மாமியார் ஒரு தட்டில் வெற்றிலையும் மஞ்சளும் வைத்து, அதன்மேல் புடவையை வைத்து, அத்தை கையில் கொடுத்தார். அவர் வாங்கிக்கொண்டார். அந்தப் பெண் பக்கத்தில் வந்து இரண்டு கையையும் நீட்டினாள். அவள் கண் நிறைந்திருந்தது.

"இங்கயா?" என்றார் அத்தை. "அன்னிக்கு வாங்கிக்கோ. அந்த சேத்துப்பட்டான் மின்னாடி குடுக்கறேன்."

பெண் சிரித்தாள், மூக்கை உறிஞ்சினாள். மாமியார் எழுந்து காபி போடப் போனார்.

அத்தை என் பக்கம் திரும்பினார். என் போன் மேசையில் கவிழ்ந்து கிடந்தது.

"இதை எடுக்கல?"

"இல்லைங்க."

"ஏன்? அறுக்கறதை எடுக்கத் தெரியுது, குடுக்கறதை எடுக்கத் தெரியலையா?"

"எடுக்கலாங்களா?"

"எடு. எழுதறதை மட்டும் எனக்கு அனுப்பிட்டுப் போடு."

மாமியாரை அடுப்படியிலிருந்து திரும்ப அழைத்தோம். அவர் சலித்துக்கொண்டே வந்தார். தட்டு மறுபடி கைமாறியது. இரண்டு பேரும் போனைப் பார்த்து விறைப்பாக நின்றார்கள். முதல் தடவை இருந்தது அதில் இல்லை. ஆனாலும் இரண்டு ஜோடி கையும் தெளிவாக விழுந்திருந்தது.

மறுநாள் இரண்டு மணிக்கு யூடியூபில் ஏற்றி, வெளியிடாமல் வைத்துவிட்டு, நான்கையும் எழுதி அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். யூடியூபுக்கு ஒன்று, இன்ஸ்டாவுக்கு ஒரு வரி, வாட்ஸ்அப்புக்கு ஒரு வரி. பேஸ்புக்குக்கு எழுதியது இப்படி ஆரம்பித்தது: "பெண்ணை வளர்த்தவர் கையில் கல்யாணப் புடவை சேர்ந்தது." தவறாக எதுவும் இல்லாத வாக்கியம் என்று நினைத்தேன்.

மூன்று மணிக்கு அவர் குரல் பதிவு வந்தது. மகள் எழுந்துவிடாமல் போனைக் காதோடு வைத்துக் கேட்டேன்.

"மூணும் இருக்கட்டும். பேஸ்புக்ல மட்டும் மாத்து. வளர்த்தவர்னா யாரு, ஊருல இருக்கறவங்களுக்கு எப்படித் தெரியும்? ஆம்பளையா பொம்பளையான்னே தெரியாது. அத்தைன்னு எழுது."

மாற்றினேன். ஒரு தடவை மட்டும் படித்துவிட்டுப் போட்டேன்.